சீவியின் சுருக்கத்தில் ஒரு டெஸ்டர் எதைக் காட்டவேண்டும்?

கேள்வி: கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் நாலு வருசமாக கியூஏ வேலை செய்கிறேன். சீவியின் மேலே உள்ள சுருக்கத்தில் "1,200க்கு மேல் டெஸ்ட் கேஸ் எழுதினேன், ஒவ்வொரு ரிலீஸுக்கும் ரிக்ரெஷன் ஓட்டினேன், ஜிராவில் பிழைகளைப் பதிந்தேன்" என்று போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் "செய்த வேலையை எழுதாதே, விளைவை எழுது" என்கிறார்கள். நான் எதையும் உருவாக்கவில்லையே, பிழை பிடிப்பதுதானே என் வேலை? இதில் விளைவு என்று எதைக் காட்டுவது?

பதில்:

உங்கள் மூன்று வரியும் பொய் இல்லை. ஆனால் அதை வாசிக்கிற கியூஏ லீடுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. டெஸ்டர் என்றால் டெஸ்ட் கேஸ் எழுதுவார், ரிக்ரெஷன் ஓட்டுவார், பிழை பதிவார். அவருடைய மேசையில் இருக்கிற மற்றச் சீவிகளிலும் அதுதான் இருக்கும். 1,200 என்ற எண்ணும் அவருக்கு உதவாது. நல்ல 300 கேஸ் எழுதியவர், ஒன்றையே திருப்பித் திருப்பி 1,200 ஆக்கியவரைவிடத் திறமையானவராக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

டெஸ்டரின் விளைவை இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று, வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிழைகள் உங்கள் வேலையால் குறைந்தனவா என்பது. அது பதிவுகளில் இருக்கும், எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். மற்றது, நீங்கள் பிடித்திராவிட்டால் நடந்திருக்கக்கூடிய ஒரு பெரிய பிழை. நடக்காத ஒன்றுக்கு எண் ஏது என்றுதான் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் பல நேரங்களில் எண் உண்டு.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சியின் சீவியை வைத்தே சொல்கிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். எண்களை மட்டும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். உள்ளூர் நிதி நிறுவனம் ஒன்றுக்கான கைப்பேசிச் செயலி அது. புதிய வாடிக்கையாளர் பதிவு, பணமாற்றம், பில் கட்டுவது, அறிக்கைகள் என்று நாலு பகுதிகள். அவருடைய சுருக்கமும் ஏறக்குறைய உங்களுடையதைப் போலத்தான் இருந்தது.

முதலில் அவரைக் கேட்டது, "நீங்கள் வந்த பிறகு என்ன மாறியது?" என்றுதான். "ஒன்றுமில்லை அண்ணா, வழக்கமான வேலைதான்" என்றார். கொஞ்சம் கதைத்த பிறகு விசயம் வெளியே வந்தது. ஒரு கட்டத்தில் அவர் சும்மா பிழை பதிவதை விட்டு, புரொடக்ஷனில் வந்த பிழைகளை மட்டும் தனியாக எடுத்து, அவை ஏன் தன் டெஸ்டிங்கில் அகப்படவில்லை என்று பார்த்திருக்கிறார். பெரும்பாலானவை பதிவிலும் பணமாற்றத்திலும்தான் இருந்தன. காரணமும் இரண்டு வகைதான். ஒன்று, டெஸ்டுக்குப் பயன்படுத்திய தரவு எல்லாம் ஒரே மாதிரி. அதே ஐந்தாறு அடையாள அட்டை இலக்கங்கள், அதே வடிவில் கைப்பேசி எண்கள். 077 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுப் பார்த்தார்களே தவிர, +94 போட்டு எழுதும் ஆளை யாரும் நினைக்கவில்லை. மற்றது, நெட்வேர்க் பாதியில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார், பதில் வரவில்லை, மறுபடி அழுத்துகிறார், இரண்டு தரம் பணம் போகிறது.

அவர் இரண்டு காரியம் செய்தார். அந்த இரண்டு பகுதிகளுக்கும் வகைவகையான தரவுத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். பிறகு, டெவலப்பர் கோட் எழுதத் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்திலேயே "பதில் வராமல் போனால் என்ன?" என்ற கேள்வியை ஒவ்வொரு ஸ்டோரிக்கும் கேட்கத் தொடங்கினார். இதை அவர் சாதனையாகவே நினைக்கவில்லை. சீவியில் ஒரு வரிகூட இல்லை.

சரி, இதை எப்படி அளப்பது? ஜிராவில் புரொடக்ஷன் பிழைகளுக்கு ஒரு லேபிளோ தனிப் புலமோ இருக்கும். இல்லாவிட்டால் சப்போட் ஆட்கள் திறந்த டிக்கெட்டுகளிலிருந்து பிரித்தெடுக்கலாம். இப்படி ஒரு தேடல் காணும்:

```
project = PAY AND issuetype = Bug
AND labels = production
AND created >= "2024-01-01"
ORDER BY created ASC
```

ப்ரொஜெக்ட் பெயரையும் லேபிளையும் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வந்த பட்டியலை மாற்றத்துக்கு முந்திய ஆறு மாதம், பிந்திய ஆறு மாதம் என்று பிரியுங்கள். அதே காலங்களில் டெஸ்டிங்கில் பிடித்த பிழைகளையும் எண்ணுங்கள். நழுவிய வீதத்துக்கான கணக்கு எளிது:

```
நழுவிய வீதம் = புரொடக்ஷன் பிழை ÷ (புரொடக்ஷன் பிழை + டெஸ்டிங்கில் பிடித்த பிழை) × 100
```

அவருடைய கணக்கில், முந்திய ஆறு மாதத்தில் டெஸ்டிங்கில் 182, புரொடக்ஷனில் 31. ஆக 213இல் 31, ஏறத்தாழ 15 வீதம். பிந்திய ஆறு மாதத்தில் டெஸ்டிங்கில் 174, புரொடக்ஷனில் 13. 187இல் 13, ஏறத்தாழ 7 வீதம். பார்த்ததும் அவருக்குச் சந்தோசம். "பிழை நழுவுவதை 15 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைத்தேன்" என்று உடனே எழுதப்போனார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

அந்த வரியை நான் ஒரு நேர்முகத்தில் கேட்டால், அடுத்த கேள்வி இதுதான்: "அது உங்களால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்?" பிந்திய ஆறு மாதத்தில் ரிலீஸ் அளவு சிறுத்திருக்கலாம். நல்ல டெவலப்பர் ஒருவர் சேர்ந்திருக்கலாம். கோட் ரிவியூவைக் கடுமையாக்கியிருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் பிழை குறையும், உங்களுக்கு அதில் பங்கே இல்லாமலும் இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பெரிய புள்ளிவிபர அறிவு தேவையில்லை. நீங்கள் கைவைத்த பகுதியையும் கைவைக்காத பகுதியையும் தனித்தனியே எண்ணுங்கள். தங்கச்சியின் பட்டியலில் முந்திய 31இல் 19 பதிவு, பணமாற்றப் பகுதிகளில் வந்தவை. பில், அறிக்கைகள் இரண்டிலும் 12. பிந்திய 13இல் பதிவு, பணமாற்றத்தில் வெறும் 4; மற்ற இரண்டிலும் 9. அவர் கைவைத்த இடத்தில் 19 என்பது 4 ஆகியிருக்கிறது. கைவைக்காத இடத்தில் 12 என்பது 9தான் ஆகியிருக்கிறது. கம்பனி முழுக்க ஏதோ ஒரு பொதுக் காரணத்தால் பிழை குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும். அப்படி இல்லை. கூடவே, இரண்டு காலத்திலும் அந்தப் பகுதிகளில் முடித்த ஸ்டோரிகளின் எண்ணிக்கையையும் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது அவர் நிம்மதியாகச் சொல்லலாம்.

கவனியுங்கள், சொல்லக்கூடிய கூற்று சிறுத்துவிட்டது. "முழுச் செயலியிலும் பாதியாகக் குறைத்தேன்" என்பது போய், "இந்த இரண்டு பகுதிகளில் நழுவிய பிழைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தன" என்று ஆனது. ஆனால் இந்தச் சின்னக் கூற்றுத்தான் கேள்வி கேட்டாலும் நிற்கும். கூற்று பெரிதாகப் பெரிதாக அதைத் தாங்கிப்பிடிக்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் மெலிந்துகொண்டே போகும். அனுபவமுள்ள லீடுகள் அந்த இடத்தில்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

எண் சிறியதாக இருந்தால் வீதம் போடவே வேண்டாம். 2 பிழை 1 ஆனதை "50 வீதம் குறைத்தேன்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எத்தனையிலிருந்து எத்தனை என்று கேட்டதும் அது உடைந்துவிடும். அதோடு முழுச் சீவியிலும் நம்பிக்கை போய்விடும்.

இனி இரண்டாவது வகை. நடக்காத பிழை.

அந்தச் செயலியில் பதிவின்போது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் கேட்பார்கள். பிறந்த திகதியை அதிலிருந்தே எடுத்துக்கொள்வது திட்டம். எங்களுடைய அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய ஒன்பது இலக்க வடிவில் வருடத்துக்கு இரண்டு எண்கள், கடைசியில் V அல்லது X. 2016இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க வடிவில் வருடத்துக்கு நான்கு எண்கள். இரண்டிலும் அதற்கடுத்த மூன்று எண்கள்தான் நாள். பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். இவ்வளவும் டெவலப்பருக்கும் தெரியும், அவர் சரியாகவே செய்திருந்தார்.

அவருக்குத் தெரியாதது, அந்த நாள்கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா வருடத்திலும் 29 நாள் என்பதுதான். லீப் வருடமோ இல்லையோ, மார்ச் 1 என்றால் 061தான். கோட் எழுதும் மொழிகளில் இருக்கும் வழக்கமான திகதி நூலகமோ உண்மையான நாள்காட்டியைப் பார்க்கிறது. 1990இன் 61ஆவது நாள் எது என்று அதைக் கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும். ஆகவே 1990 மார்ச் 1இல் பிறந்தவரின் பிறந்த திகதி ஒரு நாள் பிந்திப் பதிவாகும். லீப் இல்லாத வருடத்தில் டிசம்பர் 31இல் பிறந்தவருக்கோ நாள் எண் 366. அந்த வருடத்தில் அப்படி ஒரு நாளே இல்லை. நூலகத்தைப் பொறுத்து செயலி பிழை காட்டி நிற்கும், அல்லது அடுத்த வருடம் ஜனவரி 1 என்று போட்டுவிடும்.

இது ஏன் டெஸ்டிங்கில் தப்பப் பார்த்தது? அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய மாதிரி இலக்கங்களில் சில 1992, 1996 என்று லீப் வருடத்தவை. சில ஜனவரி, பெப்ரவரித் திகதிகள். இரண்டு வகையிலும் விடை சரியாகத்தான் வரும். எல்லா டெஸ்டும் பச்சை. திகதியைத் திரையில் காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொண்டதால் கண்ணிலும் படாது. தங்கச்சி புதிதாகத் தயாரித்த தொகுப்பில் மாதம் ஒன்றுக்கு ஓர் இலக்கம், லீப் வருடமும் சாதாரண வருடமும் கலந்து போட்டிருந்தார். யாருடைய உண்மையான அட்டையையும் எடுக்கவில்லை, விதிப்படி தானே உருவாக்கியவை. ஓட்டியதும் தரவுத்தளத்தில் திகதிகள் ஒரு நாள் தள்ளி நின்றன. ரிலீஸைத் தள்ளிப்போட்டுத் திருத்தினார்கள்.

பழைய சுருக்கத்தில் இந்தப் பிழை, "ஜிராவில் பிழைகளைப் பதிந்தேன்" என்ற வரிக்குள் அடங்கிப்போயிருந்தது. அவரிடம் கேட்டேன், "பிடித்திராவிட்டால் எத்தனை பேருக்குத் திகதி பிழைத்திருக்கும்?" "அது தெரியாதே, ரிலீஸே ஆகவில்லையே" என்றார். கணக்குப் போட்டால் தெரியும். நாலு வருடத்துக்கு மூன்று, லீப் இல்லாத வருடம். அந்த வருடங்களில் மார்ச் 1இலிருந்து பிறந்தவர்கள் எல்லோரும் அகப்படுவார்கள், அது பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதம். முக்காலையும் ஆறில் ஐந்தையும் பெருக்கினால் எட்டில் ஐந்து. பத்துப் பேர் பதிந்தால் ஆறு பேருக்குப் பிறந்த திகதி பிழை. அடையாளத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அட்டையில் ஒரு திகதியும் பதிவில் ஒரு திகதியும் இருந்தால், நிதி நிறுவனத்தில் அந்தக் கணக்கை யாராவது கையால் திருத்தியே ஆகவேண்டும்.

இதில் கம்பனியின் இரகசியம் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் தொகை தேவையில்லை, பண இழப்புத் தேவையில்லை. பிழையின் தன்மையை விளங்கிக்கொண்டாலே அது எத்தனை பேரைத் தொடும் என்பது வந்துவிடுகிறது. உங்கள் நாலு வருடத்திலும் இப்படி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். தேடும்போது, நீங்கள் பதிந்ததால் ஒரு ரிலீஸ் நின்ற, அல்லது ஒரு தேவை மாற்றி எழுதப்பட்ட பிழைகளைத் தேடுங்கள். அதிக முன்னுரிமை கொடுத்துப் பதிந்த, திருத்தவும்பட்ட பிழைகளை உங்கள் பெயரில் வடிகட்டினால் அரை மணித்தியாலத்தில் அகப்படும். பிறகு ஒவ்வொன்றுக்கும், எந்தப் பயனருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில், எவ்வளவு பங்கு என்று கேளுங்கள். சில பிழைகளுக்கு இந்தக் கணக்கு வராது. அப்போது சப்போட் பகுதியையோ ப்ரொடக்ட் ஓனரையோ கேட்டு, அந்த வழியை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று ஒரு பருமட்டான அளவை எடுக்கலாம். ரூபாயில் எழுதுவதானால் நிதிப் பகுதி சொன்ன தொகையாக இருக்கவேண்டும். நீங்களே ஊகித்து "50 இலட்சம் இழப்பைத் தடுத்தேன்" என்று போட்டால், அதைக் கணித்தது யார் என்ற ஒரு கேள்வியோடு விழுந்துவிடும்.

இப்போது சுருக்கத்தை எழுதலாம். சீவி ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் உள்ளடக்கம் வடிவாக விளங்கவேண்டும் என்பதால் தமிழிலேயே தருகிறேன். அவருடைய பழையது இது:

"நான்கு வருட அனுபவமுள்ள, நுணுக்கமான அவதானிப்புக் கொண்ட கியூஏ பொறியியலாளர். 900க்கு மேற்பட்ட டெஸ்ட் கேஸ்கள் எழுதி இயக்கியுள்ளேன். ரிக்ரெஷன், ஏபிஐ, ஸ்மோக் டெஸ்டிங்கில் அனுபவம். ஜிராவில் பிழைகளைப் பதிந்து பின்தொடர்ந்துள்ளேன். சவாலான பணியொன்றை எதிர்பார்க்கிறேன்."

புதியது:

"நிதிச் செயலிகளில் நான்கு வருட அனுபவமுள்ள கியூஏ பொறியியலாளர், கைமுறை, ஏபிஐ டெஸ்டிங். புரொடக்ஷன் பிழைகளின் காரணங்களை ஆராய்ந்து டெஸ்ட் தரவையும் தேவை மீளாய்வையும் மாற்றியமைத்தேன். பதிவு, பணமாற்றப் பகுதிகளில் வாடிக்கையாளர் வரை நழுவிய பிழைகள் ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தன. அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கணிப்பதில், பத்தில் ஆறு பயனரைப் பாதித்திருக்கக்கூடிய பிழையொன்றை ரிலீஸுக்கு முன் கண்டுபிடித்தேன்."

இரண்டையும் வரி வரியாகப் பாருங்கள். முதல் வரியில் துறையை வைத்தோம், ஏனென்றால் நிதிச் செயலி பார்த்தவரா என்பதுதான் அந்த வேலைக்கு ஆள் எடுப்பவரின் முதல் கேள்வி. "நுணுக்கமான அவதானிப்பு" போய்விட்டது. பெப்ரவரிக் கணக்கைப் பிடித்தவர் அதைத் தனியே சொல்லத் தேவையில்லை. அடுத்த இரண்டு வரிகளில் முதலில் செய்தது, பிறகு விளைந்தது. செய்ததே இல்லாமல் விளைவை மட்டும் போட்டால் வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும். மூன்றாவது வரியில் "குறைத்தேன்" என்று எழுதாமல் "குறைந்தன" என்று வைத்ததும் யோசித்துத்தான். பிழையைத் திருத்தியது டெவலப்பர்கள். ஆராய்ந்ததும் மாற்றியமைத்ததும் இவர். கண்டுபிடித்தது முழுக்க இவருடையது, அங்கே "கண்டுபிடித்தேன்" என்றே இருக்கிறது. 900 என்ற எண்ணும் "சவாலான பணி"யும் போனதால் யாருக்கும் நட்டமில்லை.

ஸ்மோக், ரிக்ரெஷன், ஜிரா, போஸ்ட்மன் எல்லாம் காணாமல் போகக்கூடாது. எங்கள் கம்பனிகளில் பெரும்பாலும் மனிதவளப் பகுதிதான் முதலில் பார்க்கும், அவர்கள் விளம்பரத்தில் உள்ள பெயர்களைத் தேடுவார்கள். அவை கீழே திறன்கள் பகுதியில் இருந்தால் போதும். ஐஎஸ்டிகியூபி சான்றிதழ் இருந்தால் அதுவும் அங்கேதான். விளம்பரம் ஒரு கருவியை அழுத்திக் கேட்டால் அந்த ஒன்றை மட்டும் சுருக்கத்தின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

ஓட்டோமேஷன் செய்தவர்களும் இதே இடத்தில் தடுக்குகிறார்கள். "600 செலீனியம் ஸ்கிரிப்ட் எழுதினேன்" என்பது 1,200 டெஸ்ட் கேஸின் இன்னொரு வடிவம்தான். வாசிக்கும் லீடுக்கு உடனே வரும் சந்தேகம், அதில் எத்தனை காரணமில்லாமல் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை என்று ஆடுகின்றன என்பது. "ரிக்ரெஷனை நாலு நாளிலிருந்து ஒரு நாளாக்கினேன்" என்றால் பரவாயில்லை, ஆனால் அதிலும் பாதிதான் இருக்கிறது. மிச்சமான மூன்று நாளில் என்ன நடந்தது? மாதம் ஒருமுறை போன ரிலீஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகத் தொடங்கியதா? அப்படியென்றால் அதுதான் விளைவு. ரிலீஸ் அட்டவணை அப்படியே இருந்து, அந்த நாட்களில் கைமுறையாக ஆழமாகத் தேடி முன்பு அகப்படாத பிழைகளைப் பிடித்தீர்கள் என்றால் அதுவும் விளைவுதான், அதை எழுதுங்கள். இரண்டும் இல்லையென்றால் நேரக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாததை ஒட்டவேண்டாம்.

இன்னொரு பொறியும் உண்டு: பதிந்த பிழைகளின் எண்ணிக்கை. "500 பிழை கண்டுபிடித்தேன்" என்றால் அதில் எத்தனை, பிழையே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவை, எத்தனை இரட்டிப்பு என்று கேட்பார்கள். "பிழையே இல்லாத ரிலீஸ்" என்று எழுதுவதோ இன்னும் மோசம். எந்த டெஸ்டிங்கும் பிழை இல்லை என்று நிரூபிக்காது, இருப்பதைத்தான் காட்டும். ஐஎஸ்டிகியூபி அடிப்படைப் பாடத்தின் முதல் கொள்கையே அதுதான். அதைப் படித்த ஒருவர் அப்படி எழுதினால் வாசிப்பவர் முகம் சுளிப்பார்.

இரகசியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பில் இந்தத் துறை சின்னது. தெமட்டகொடையில் வேலை செய்பவரின் பழைய லீட் மருதானையில் இருப்பார், உங்களை நேர்முகம் செய்பவருக்கு இருவரையும் தெரிந்திருக்கும். கிளையன்ட் பெயரைப் போடாவிட்டாலும் "நாட்டின் இரண்டு பெரிய இன்னாரில் ஒன்று" என்று விபரித்தால் பெயர் போட்டதற்குச் சமம். புரொடக்ஷனில் எத்தனை பிழை வந்தது என்பது பல கம்பனிகளுக்கு வெளியே போகக்கூடாத தகவல். அதனால்தான் 19, 4 என்று எழுதாமல் ஐந்தில் ஒன்று என்று எழுதினோம். ஜிராத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதோ பட்டியலை உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவதோ வேண்டவே வேண்டாம். எண்ணிப் பார்த்து, விகிதத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதை இராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன் செய்யுங்கள். விட்டுப் போன அன்றே உங்கள் கணக்கு மூடப்படும், பிறகு கேட்டுப் பெற வழியில்லை.

நேர்முகத்தில் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், கேட்கவேண்டும் என்றுதானே எழுதினீர்கள். எப்படி எண்ணினீர்கள், எது புரொடக்ஷன் பிழை என்று யார் தீர்மானித்தது, வேறு காரணம் இருக்கமுடியாதா என்ற மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். தங்கச்சியிடம் மூன்றாவதைக் கேட்டபோது அவர் கைவைத்த பகுதியையும் கைவைக்காத பகுதியையும் ஒப்பிட்டதைச் சொல்லியிருக்கிறார், பேச்சு பிறகு அதைச் சுற்றியே போயிருக்கிறது. பெப்ரவரிப் பிழையைப் பற்றிக் கேட்டால் திகதி நூலகம் எங்கே தவறுகிறது என்பதை வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணைப் போட்டு விளக்கத் தெரியவேண்டும்.

உங்கள் சீவிக்கு வருவோம். 1,200ஐ எடுத்துவிடுங்கள். கடந்த ஒரு வருடத்துப் புரொடக்ஷன் பிழைகளை இறக்கி, எந்தப் பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். உங்கள் பெயரில் உள்ள பிழைகளில் ஒரு முடிவை மாற்றியது எது என்று பாருங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் போடுங்கள். நிதி, காப்புறுதி போன்ற இடங்களுக்கு நழுவிய பிழைக் கணக்கை முன்னுக்கு வையுங்கள், ஓட்டோமேஷனைக் கேட்கும் வேலைக்கு நேரக் கணக்கு உங்களிடம் இருந்தால் அதை முன்னுக்கு வையுங்கள். ஒன்றுதான் கிடைத்தது என்றால் சுருக்கம் இரண்டு வரியோடு நிற்கட்டும், மூன்றாவதை நிரப்பப் பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவரவேண்டாம்.